214 பக்கக் கட்டட ஆய்வறிக்கையை இயக்குநர்களுக்காக நான்கு பக்கமாக்கிய அனுபவம்

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டி எங்கள் நிறுவனத்துக்கு 1994இல் கட்டிய ஒரு கட்டடம் இருக்கிறது. கீழ்த்தளம் கிடங்கு, மேலே இரண்டு தளங்கள் அலுவலகம். தூண்களில் நெடுக்காக வெடிப்புகள் தெரிந்ததால், கட்டமைப்பு ஆலோசகர் ஒருவரை வைத்து முழு ஆய்வு செய்யச் சொன்னோம். அவர் கொடுத்த ஆங்கில அறிக்கை 214 பக்கம்; அதில் பாதிக்கு மேல் பின்னிணைப்புகள். இயக்குநர் குழுவில் ஏழு பேர், அவர்களில் ஒருவரும் கட்டடப் பொறியாளர் இல்லை. அவர்கள் படித்து முடிவெடுக்கும் விதத்தில் ஒரு சுருக்கம் தயாரிக்கும் வேலை, கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் என்னிடம் வந்தது. அந்தச் சுருக்கத்தை வைத்து இயக்குநர்கள் ஒரே அமர்வில் தெளிவான முடிவுக்கு வந்துவிட்டார்கள். இதே போன்ற வேலை கையில் வருபவர்களுக்கு உதவும் என்பதால், செய்த விதத்தை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதல் வரைவை அறிக்கையின் அத்தியாய வரிசையிலேயே எழுதினேன். சுத்தியல் சோதனைக்கு ஒரு பத்தி, ஒலியலைச் சோதனைக்கு ஒரு பத்தி, கான்கிரீட்டைத் துளைத்தெடுத்த கோர் மாதிரிகளுக்கு ஒரு பத்தி என்று பன்னிரண்டு பக்கம் வந்தது. அறிக்கை சிறியதானதே தவிர, அதில் இருந்த கலப்பு அப்படியே இருந்தது. ஒரே வாக்கியத்தில் அளந்த எண்ணும், அந்த எண்ணிலிருந்து ஆலோசகர் கணித்ததும், அதற்காக அவர் செய்யச் சொல்வதும் பின்னிக் கிடந்தன. ஆகவே அந்த வரைவை ஒதுக்கிவிட்டு, எழுதுவதற்கு முன்பே வாக்கியங்களைப் பிரித்துவிடுவது என்று தொடங்கினேன்.

இதற்குத் தேவைப்பட்டது ஒரு விரிதாளும், பிடிஎஃப் கோப்பில் சொல் தேடும் ஓர் இலவசக் கருவியும்தான். ஆங்கில அறிக்கைகளில் பரிந்துரையும் கணிப்பும் சில குறிப்பிட்ட சொற்களோடுதான் வரும். அவற்றைப் பக்க எண்ணோடு எடுக்க இந்தக் கட்டளை போதுமானதாக இருந்தது.

```
pdfgrep -n -i "should|recommend|likely|may be|appears|required" report.pdf
```

`should`, `recommend`, `required` ஆகியவை பெரும்பாலும் பரிந்துரையைக் காட்டின. `likely`, `may be`, `appears` ஆகியவை கணிப்பைக் காட்டின. இந்தத் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. ஆய்வகச் சான்றிதழ்கள் ஸ்கேன் செய்த படங்களாக இணைக்கப்பட்டிருந்ததால், அவற்றில் உள்ள எதுவும் தேடலில் அகப்படாது. உண்மையான அளவீடுகள் அங்கேதான் இருந்தன. பின்னிணைப்புகளை அச்செடுத்து, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டியிருந்தது.

விரிதாளில் ஒவ்வொரு கூற்றும் ஒரு வரி. பக்க எண், கூற்று, வகை, எத்தனை இடத்தில் அளந்தது, எந்தக் கூற்றின் மேல் இது நிற்கிறது என ஐந்து நிரல்கள் வைத்தேன். வகை மூன்றே: அளவீடு, கணிப்பு, பரிந்துரை. உண்மை, பரிந்துரை என்ற இரண்டு வகையே போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் தொழில்நுட்ப அறிக்கைகளில் இடையில் நிற்கும் கணிப்புதான் உண்மை என்ற தோற்றத்தில் உள்ளே வருகிறது. அதற்குத் தனி இடம் கொடுக்காவிட்டால் மற்ற இரண்டும் பிரியாது.

எடுத்துக்காட்டாக, அறிக்கையின் முன்சுருக்கத்தில் இருந்த ஒரு வாக்கியத்தின் சாரம் இது: "வெளிப்புறத் தூண்களில் கம்பிகள் குறிப்பிடத்தக்க அளவு அரிக்கப்பட்டிருப்பதால், 42 தூண்களுக்கும் கான்கிரீட் ஜாக்கெட்டிங் செய்ய வேண்டும்." ஜாக்கெட்டிங் என்பது தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்துவது. படிக்கும்போது ஒரே மூச்சில் ஓடிவிடும் இந்த வாக்கியத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பின்னிணைப்பில் தேடினேன்.

கம்பி அரிப்பை அறிய அரைக்கல மின்னழுத்தச் சோதனையை 16 தூண்களில் செய்திருந்தார்கள். கடலைப் பார்த்த வெளிப்புற வரிசையில் உள்ள ஏழு தூண்களும், உள்வரிசைகளில் ஒன்பதும் அதில் அடங்கும். இந்தச் சோதனையில் தூணின் மேற்பரப்பில் செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வைத்து, உள்ளே இருக்கும் கம்பிக்கும் அதற்கும் இடையிலான மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் படிப்பார்கள். மைனஸ் 350க்கும் கீழே போனால் அந்த இடத்தில் துருப்பிடித்தல் நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பதும், மைனஸ் 200க்கு மேலே இருந்தால் துருப்பிடித்தல் இல்லாதிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பதும், இடைப்பட்டவை உறுதியற்றவை என்பதும் வழக்கமாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தர அளவுகோல். எங்கள் கட்டடத்தில் கடலோர வரிசையில் ஆறு தூண்கள் மைனஸ் 350க்குக் கீழே இருந்தன, ஒன்று இடைப்பட்டது. உள்வரிசையின் ஒன்பதில் ஆறு இடைப்பட்டவை, மூன்று பாதுகாப்பான பக்கம். மீதி 26 தூண்களில் இந்தச் சோதனையே நடக்கவில்லை.

இந்தச் சோதனை துரு ஏறும் வாய்ப்பைச் சொல்லுமே தவிர, கம்பியில் எவ்வளவு கரைந்துபோயிற்று என்று சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் கான்கிரீட்டை உடைத்து, கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கி, வெர்னியர் காலிப்பரால் விட்டம் அளக்க வேண்டும். அப்படிச் செய்தது சி-38, சி-40 ஆகிய இரண்டு தூண்களில் மட்டும். முதலில் 20 மில்லிமீட்டராக இருந்த கம்பி சி-38இல் 18.6 மில்லிமீட்டராகவும், சி-40இல் 19.7 மில்லிமீட்டராகவும் குறைந்திருந்தது. கம்பி தாங்கும் சுமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதால் விட்டத்தின் வர்க்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் சி-38இல் ஏறத்தாழ 13.5 சதவீத இழப்பு, சி-40இல் 3 சதவீதம்.

இப்போது அந்த ஒரு வாக்கியம் விரிதாளில் மூன்று வரிகளாக ஆனது. இரண்டு தூண்களில் கம்பி இழப்பு 13.5 சதவீதமும் 3 சதவீதமும் என்பது அளவீடு. வெளிப்புறத் தூண்கள் அனைத்திலும் இழப்பு குறிப்பிடத்தக்கது என்பது கணிப்பு. அது இரண்டு தூண்களின் நேரடி அளவையும் ஆறு தூண்களின் மின்னழுத்தத்தையும் வைத்துச் சொல்லப்பட்டது. 42 தூண்களுக்கும் ஜாக்கெட்டிங் என்பது பரிந்துரை. கணிப்பு எட்டுவது வெளிப்புறத் தூண்கள் வரை. பரிந்துரை அதையும் தாண்டி உள்வரிசை அனைத்துக்கும் போகிறது. வரி பிரித்த பிறகுதான் இந்த இடைவெளி வெளியே தெரிந்தது. மதிப்பீட்டில் ஜாக்கெட்டிங்குக்கு மட்டும் 61 லட்சம் ரூபாய் காட்டியிருந்ததால், இது இயக்குநர்கள் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய இடைவெளி.

அடுத்தது கான்கிரீட்டின் வலிமை. அறிக்கையின் உடற்பகுதியில் "வலிமை 11.4 வரை குறைந்துள்ளது" என்று இருந்தது. கட்டடம் எம்20 கான்கிரீட்டில் வடிவமைக்கப்பட்டது. அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். இருபதோடு ஒப்பிட்டால் 11.4 யாரையும் கலங்கவைக்கும். பின்னிணைப்பில் ஆய்வகச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு கோர் மாதிரிக்கும் அருகருகே மூன்று எண்கள் இருந்தன: எந்திரத்தில் உடைந்தபோது கிடைத்த வலிமை, மாதிரியின் உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு திருத்திய உருளை வலிமை, அதை 1.25ஆல் பெருக்கிய கனசதுர வலிமை. எம்20 என்பது கனசதுர வலிமையைக் குறிப்பது. ஆகவே மூன்றாவது நிரலைத்தான் அதோடு ஒப்பிட வேண்டும். சி-38இன் மாதிரிக்கு இரண்டாவது நிரலில் 11.4, மூன்றாவதில் 14.2. உடற்பகுதியில் வந்திருந்தது இரண்டாவது நிரலின் எண்.

எடுத்த ஒன்பது மாதிரிகளின் கனசதுர வலிமையின் சராசரி 18.2. இந்தியக் கான்கிரீட் தர நூலான ஐ.எஸ். 456இன் விதிப்படி, கோர் மாதிரிகளின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எந்த ஒரு மாதிரியும் 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எம்20க்கு அவை 17, 15. ஆகவே சராசரி தேறியது. எட்டு மாதிரிகள் தனித்தனியாகவும் தேறின. சி-38 மட்டும் 14.2 என்று தேறவில்லை. அந்த அளவுகோல் புதிதாகப் போட்ட கான்கிரீட்டை ஏற்பதற்காக எழுதப்பட்டது, பழைய கட்டடத்துக்கு ஆலோசகர் அதைக் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறார் என்பதையும், சி-38இலிருந்து எடுத்தது ஒரே மாதிரி என்பதையும் சுருக்கத்தில் எழுதினேன். அதே விதி குறைந்தது மூன்று மாதிரிகளையாவது சோதிக்கச் சொல்கிறது; ஒரு தூணைப் பற்றி ஒரே மாதிரியை வைத்து முடிவு கட்ட முடியாது.

சுத்தியல் சோதனையில் நேர்மாறான சிக்கல். 42 தூண்களிலும் அந்தச் சோதனை நடந்திருந்தது. அட்டவணையில் ஒவ்வொரு தூணுக்கும், தட்டிய சுத்தியல் எவ்வளவு திரும்பித் துள்ளியது என்பதைக் காட்டும் துள்ளல் எண்ணும், அதன் பக்கத்தில் 28, 31, 34 என்று வலிமையும் தரப்பட்டிருந்தன. கோர் மாதிரி 18 என்கிறது, சுத்தியல் 31 என்கிறது என்றால் இயக்குநர் எதை நம்புவார்? இங்கே அளவீடு என்பது துள்ளல் எண் மட்டுமே. வலிமை, ஒரு வரைபடத்திலிருந்து படித்த கணிப்பு. அது 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பழைய இந்தியத் தர நூலே சொல்கிறது. அதற்கும் மேலாக, பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகியிருக்கும். சுத்தியல் அந்த இறுகிய தோலைத்தான் தட்டுகிறது.

எங்கள் கட்டடத்தில் அந்த மாற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது பின்னிணைப்பின் ஒரு புகைப்படத்தில் பளிச்சென்று தெரிந்தது. புதிதாக உடைத்த பள்ளத்தில் பினாப்தலீன் தெளித்தபோது உட்பகுதி அடர் ரோஜா நிறமாக மாறியிருக்கிறது. வெளிவிளிம்பில் மட்டும் ஒரு பட்டை நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கிறது. பக்கத்தில் பிடித்திருந்த அளவுகோலில் அந்தப் பட்டை 32 மில்லிமீட்டர். சுருக்கத்தில் நான் சேர்த்த ஒரே புகைப்படம் அதுதான். சுத்தியல் தரும் வலிமை எண்களை முற்றிலும் விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதினேன்.

விரிதாள் முடிந்தபின் ஆலோசகரிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் தனியே எடுத்து அனுப்பினேன். குறை சொல்லும் தொனி வராமல், பக்க எண்ணும் கேள்வியும் மட்டுமே இருக்கும்படி எழுதியது நல்ல பலன் தந்தது. 11.4 உருளை வலிமை என்பதை அவர் உடனே ஏற்று, திருத்திய பக்கத்தை அனுப்பினார். 42 தூண்கள் ஏன் என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதிலும் நேர்மையானது: எல்லாத் தூண்களும் ஒரே காலத்தில் ஒரே கான்கிரீட்டில் எழுந்தவை, ஆறு உள்தூண்களின் நிலை உறுதியற்றது, கிடங்கைக் காலி செய்வதும் முட்டுக்கொடுப்பதும் இரண்டு முறை நடந்தால் செலவு கூடும், ஆகவே ஒரே தடவையில் முடிப்பது நல்லது என்பது தன் தொழில்முறைக் கருத்து என்றார். அந்தப் பதிலைச் சுருக்கத்தில் அவர் சொற்களிலேயே சேர்த்தேன். பரிந்துரையை அளவீட்டிலிருந்து பிரிப்பது அதைத் தாழ்த்துவதற்காக அல்ல. அது எந்தக் காரணத்தில் நிற்கிறது என்று இயக்குநர்கள் அறிந்துகொள்வதற்காகத்தான்.

அதே காரணத்தால் என் சொந்தக் கருத்தைப் பரிந்துரைப் பகுதியில் எங்கும் நுழையவிடவில்லை. ஆலோசகர் சொன்னது முழுவதும் அறிக்கையின் பக்க எண்ணோடு, மென்மையாக்காமலும் கூட்டாமலும் இருந்தது. பராமரிப்புப் பிரிவின் கருத்து "நிர்வாகக் குறிப்பு" என்ற தனித் தலைப்பில், கடைசிப் பக்கத்தின் அடியில் ஐந்து வரி. பின்னாளில் யாராவது எடுத்துப் பார்த்தால், எது பொறியாளர் சொன்னது, எது நிறுவனத்து ஆள் சொன்னது என்பதில் குழப்பம் வரக்கூடாது.

பக்க அமைப்பை ஒரு முறை மாற்ற வேண்டி வந்தது. அளவீடு முதலில், கணிப்பு அடுத்து, பரிந்துரை கடைசியில் என்ற வரிசை படிக்க ஒழுங்காக இருந்தாலும், சி-38ஐச் சுற்றி உடனே முட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வரி நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து விழுந்து 98 பேர் உயிரிழந்த பன்னிரண்டு மாடிக் குடியிருப்பைப் பற்றி, 2018இலேயே ஒரு பொறியியல் அறிக்கை வந்திருந்தது. நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டு, அதன் கீழே உள்ள கான்கிரீட் தளத்தில் பெரும் கட்டமைப்புச் சேதம் ஏற்பட்டிருப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கட்டடம் உடனடி ஆபத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கை அதில் இல்லை. பல பழுதுகளோடு ஒன்றாக அதுவும் வரிசையில் நின்றது. அதைப் படித்தவன் என்ற முறையில், அவசரமான ஒன்றை ஒழுங்கின் பெயரால் கடைசியில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் பக்கத்தின் தலையில் ஒரு கட்டம் போட்டு, "முடிவு வரும்வரை காத்திராமல் செய்ய வேண்டியவை" என்ற தலைப்பில் இரண்டை எழுதினேன்: சி-38க்கு முட்டுக்கொடுத்து அதன் மேல் தளத்துச் சுமையை அகற்றுவது, வண்டிகள் கழுவும் நீர் கடலோர வரிசைத் தூண்களின் அடியில் தேங்காமல் வடிகாலைத் திருப்புவது. இவை பரிந்துரைகள்தான் என்பதை அங்கேயும் குறித்தேன்.

அச்சுக்குப் போகும் முன் கணக்குப் பிரிவுத் தலைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கட்டடம் பற்றி அவருக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம். படித்துவிட்டு அவர் கேட்டது: "சார், ஆறு தூணில் 90 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்களே, அப்படியென்றால் கம்பி பத்து சதவீதம்தான் மிச்சமா?" இயக்குநர்களில் ஒருவராவது அப்படித்தான் படித்திருப்பார். அந்த எண்ணை எடுத்துவிட்டு, "ஆறு தூண்களில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருப்பதற்கான அறிகுறி வலுவாக உள்ளது, எவ்வளவு துருப்பிடித்தது என்பதை இந்தச் சோதனை காட்டாது" என்று எழுதினேன். சுருக்கத்தில் எண்கள் வேண்டும்தான். ஆனால் பக்கத்தில் விளக்குபவர் இல்லாதபோது தவறாகப் படிக்கப்படும் எண்ணைவிட, சரியான வாக்கியமே உண்மைக்கு நெருக்கமானது. "கடுமையான", "மோசமான", "குறிப்பிடத்தக்க" போன்ற அடைகளையும் அப்போதே நீக்கினேன். ஆலோசகரின் கணிப்பை மேற்கோளாகத் தந்த இடத்தில் மட்டும் அவை நின்றன.

பரிந்துரைப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு செய்திகள் தந்தேன்: என்ன செய்ய வேண்டும், ஆலோசகர் மதிப்பிட்ட செலவு, அது எந்த அளவீட்டின் மேல் நிற்கிறது, செய்யாமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்கிறார். மூன்றாவது செய்திதான் அமர்வில் அதிகம் பேசப்பட்டது. 42 தூண் ஜாக்கெட்டிங் என்ற வரிக்கு எதிரே "16 தூண்களில் மின்னழுத்தம், 2 தூண்களில் நேரடி அளவு" என்று இருந்ததைப் பார்த்ததும், வெளியிலிருந்து வரும் இயக்குநர் ஒருவர் மீதி 26ஐ அளக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஆலோசகரிடம் முன்பே விலை கேட்டு வைத்திருந்தேன். மீதித் தூண்களில் மின்னழுத்தச் சோதனை, உள்வரிசையில் நான்கு தூண்களை உடைத்துப் பார்த்தல், சி-38இல் கூடுதல் கோர் மாதிரிகள் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். கடலோர வரிசை ஏழு தூண்களுக்கும் ஜாக்கெட்டிங்கை உடனே தொடங்குவது, உள்வரிசையைப் பொறுத்தவரை இந்தச் சோதனைகளின் முடிவு வந்தபின் தீர்மானிப்பது என்று குழு முடிவெடுத்தது. ஆலோசகரின் கருத்து இதிலிருந்து வேறுபடுகிறது என்பதும் தீர்மானக் குறிப்பேட்டில் பதிவானது.

அடுத்த முறை சில விஷயங்களை ஆய்வு தொடங்கும் முன்பே செய்துவிடுவேன். ஆலோசகருக்குக் கொடுக்கும் பணி ஆணையிலேயே, அளவீடுகள் அனைத்தையும் விரிதாளாகவும் தர வேண்டும் என்று எழுதுவேன்; ஸ்கேன் சான்றிதழ்களிலிருந்து எண்களைக் கையால் ஏற்றியதில்தான் இந்த வேலையில் பாதி நேரம் போயிற்று. ஒவ்வொரு பரிந்துரையின் அருகிலும் அதற்கு ஆதாரமான சோதனையின் எண்ணைக் குறிப்பிடச் சொல்வேன். தூண்களின் எண்களைக் காட்டும் ஒற்றைப் பக்க வரைபடத்தைச் சுருக்கத்தில் சேர்ப்பேன். இந்த முறை சி-38 எங்கே இருக்கிறது என்று காட்ட, அமர்வின் நடுவில் ஆறாம் பின்னிணைப்பின் பெரிய தாளை மேசையில் விரிக்க வேண்டியிருந்தது.